வாடகை வீட்டில் கறையானும் கரப்பானும்: வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, செலவை யார் ஏற்பது?

வேலை மாற்றலாகி ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் முதன்முறையாக வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் குளிரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நிறையக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கறையானைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் மனக்கசப்பு வருகிற காரணங்களில் இது முக்கியமானது. கரப்பான் பூச்சிச் சண்டை சின்னத் தொகையோடு முடிந்துவிடும். கறையான் அப்படியில்லை. மருந்தடிக்கும் செலவு, கதவு நிலை மாற்றும் செலவு, கடைசியில் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் கதை என்று நீண்டுகொண்டே போகும். அதனால் இங்கே கறையானைத்தான் விரிவாகச் சொல்கிறேன். கரப்பானுக்கு உரியதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இது தனியாரிடம் வாடகைக்கு எடுத்த வீடு, அனெக்ஸ், அறை ஆகியவற்றுக்கான வழி. தோட்ட லயத்தில் இருப்பவர்கள் தோட்ட அலுவலகத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே நடைமுறை வேறு.

முதலில் கை வைக்காமல் பாருங்கள்

சுவரில் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருப்பதைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டு வேலை: விளக்குமாற்றால் தட்டிவிடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது. இரண்டும் வேண்டாம். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் சில நூறு கறையான் செத்தாலும், கூடு மண்ணுக்கடியில் அப்படியே இருக்கும். இரண்டு வாரத்தில் அடுத்த மூலையில் கிளம்பும். அதைவிட முக்கியம், எங்கிருந்து வந்தது என்று காட்டக்கூடிய ஒரே அடையாளத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். செலவை யார் ஏற்பது என்ற பேச்சு முழுக்க அந்த அடையாளத்தில்தான் நிற்கப் போகிறது.

மண்கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையிலிருந்தா, குழாய் உள்ளே வரும் ஓட்டையிலிருந்தா, கதவு நிலையின் அடிக்கட்டையிலிருந்தா? அப்புறம் கோட்டின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிடுங்கள். உள்ளே வெள்ளையாக ஊர்ந்தால் சந்தேகமே இல்லை. ஒன்றும் தெரியாவிட்டாலும் நான்கைந்து நாள் விட்டுப் பாருங்கள். உடைத்த இடத்தை ஈரமண்ணால் மூடியிருந்தால் உயிரோடு ஓடும் வழி அது. அப்படியே காய்ந்து கிடந்தால் பழைய கோடாக இருக்கலாம், ஆனாலும் வேறு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்குரூ டிரைவரின் பிடியால் கதவு நிலையையும் சன்னல் நிலையையும் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும். தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும், நுனியால் லேசாக அழுத்தினால் பெயின்ட் மட்டும் உடைந்து உள்ளே போகும். பலகைச் சீலிங் உள்ள பழைய வீடென்றால் சுவரை ஒட்டிய பலகைகளையும் பாருங்கள். மழை விட்ட சாயங்காலத்தில் வீட்டுக்குள் ஈசல் கிளம்பி, காலையில் சன்னல் கட்டையில் சிறகுகள் உதிர்ந்து கிடந்தால், விளக்கைப் பார்த்து வெளியிலிருந்து வந்ததா, சுவருக்குள்ளிருந்தே கிளம்பியதா என்று கவனியுங்கள். சிறகு முளைத்துப் பறக்கிற கறையான்தான் ஈசல். சன்னலெல்லாம் சாத்தியிருந்தும் ஓர் அறைக்குள்ளேயே நிறையக் கிடந்தால் கூடு பக்கத்தில்தான்.

இன்னொரு வகை உண்டு. மண்கோடே இல்லாமல், அலமாரியின் கீழே ரவையைப் போலப் பொடிப்பொடியான எச்சம் குவிந்திருக்கும். அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான். தரையிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் அந்த மரத்தோடேயே வந்திருக்கும். அலமாரி உங்களுடையதென்றால் அது உங்கள் பிரச்சினை. கதவு நிலைக்கடியில் அந்தப் பொடி கிடந்தால் வீட்டின் பிரச்சினை.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

உள்ளே பார்த்தது பாதி. மீதி வெளியே இருக்கிறது. மலையகத்து வீடுகளில் பின்சுவர் பெரும்பாலும் வெட்டிய மண்மேட்டைப் பார்த்து நிற்கும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கான் இருக்க வேண்டும். பல இடங்களில் மழைக்கு மண் சரிந்து அந்தக் கான் மூடி, மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில வீடுகளில் வெளி மண் உள்தரையைவிட உயரமாகவே இருக்கும். மண்ணும் ஈரமும் சுவரோடு ஒட்டியிருந்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும், வெடிப்பு வழியாக நேரே உள்ளே வந்துவிடும். இது கட்டடத்தின் குறை. குடியிருப்பவர் செய்த காரியமல்ல.

விறகும் இருக்கிறது. தேயிலை மலைகளில் பிடுங்கிய பழைய தேயிலைக் கட்டையும் சவுக்கு, கிறேவிலியாக் கிளையும் வாங்கி, மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று தாழ்வாரத்தில் சுவரோடு சாத்தி அடுக்குவது வழக்கம். அது தரையில் நேரே கிடந்தால் அடியில் கறையான் ஏறும், அங்கிருந்து சுவருக்கும் போகும். வீட்டுக்காரர் வந்ததும் முதலில் காட்டப்போவது அந்த விறகு அடுக்கைத்தான். அதனால் அவர் வருவதற்கு முன்பே நீங்கள் அடிவிறகைப் புரட்டிப் பார்த்து, அங்கே மண் ஏறியிருக்கிறதா இல்லையா என்று படம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

படங்கள் இரண்டு விதமாக வேண்டும்: முழுச் சுவரும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. பழைய பெயின்ட்டுக்கு அடியில் கோடு ஓடியிருந்தால், அல்லது நிலையில் பட்டி வைத்து அடைத்த பழைய ஓட்டை தெரிந்தால், அதைத் தவறாமல் எடுங்கள். நீங்கள் குடிவந்த பிறகு யாரும் பெயின்ட் அடிக்கவில்லையென்றால், அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது உங்களுக்கு முந்தியது.

அன்றைக்கே சொல்லுங்கள்

தயங்கித் தள்ளிப்போடுவதுதான் வாடகைக்காரரைக் கடைசியில் மாட்டிவிடும். கறையான் வந்தது உங்கள் குற்றமில்லை என்றாலும், தெரிந்தும் மூன்று மாதம் சொல்லாமல் இருந்து நிலை முழுக்கப் போய்விட்டால், கூடின சேதத்துக்கு உங்களைத்தான் கேட்பார்கள், அதில் நியாயமும் உண்டு. முதலில் போனில் பேசுங்கள். நம் ஊரில் எடுத்த எடுப்பில் எழுத்தில் போட்டால் வழக்குப் போடுகிறார்களோ என்று மனம் கோணிவிடும். பேசி முடித்த அன்றே அதே விஷயத்தை வட்ஸ்அப்பில் படங்களோடு அனுப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் ஐயா. இன்று காலை போனில் சொன்ன விஷயம்தான். பின் அறைக் கதவு நிலையின் இடப்பக்கம் தரையிலிருந்து நான்கு அடி உயரத்துக்குக் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறது. நிலையின் அடியில் தட்டினால் பொத்தென்று கேட்கிறது. ஒன்றையும் சுத்தம் செய்யாமல் அப்படியே வைத்திருக்கிறோம். படங்கள் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கிழமைக்குள் ஒருதரம் வந்து பார்த்தால் நல்லது. ஞாயிறு முழுக்க வீட்டில் இருப்போம்."

இதில் காசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "நீங்கள்தான் செலவு செய்ய வேண்டும்" என்று முதல் செய்தியிலேயே எழுதினால் அவர் பார்க்க வருவதற்கு முன்பே மறுப்போடு வருவார். பார்த்த பிறகு பேசுகிற பேச்சு வேறு. சிங்களத்தில் படிப்பவர் என்றால் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதி அனுப்புங்கள். "எனக்கு விளங்கவில்லை" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

யார் கொடுப்பது?

இலங்கையில் வாடகை உறவுக்கு அடிப்படையாக இருப்பது உரோமன்-டச்சுப் பொதுச் சட்டம். அதன்படி வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் கொடுத்து அந்த நிலையிலேயே வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு. வீட்டைக் கவனமாகப் பாவித்து, சாதாரணத் தேய்மானம் போக, எடுத்த மாதிரியே திருப்பிக் கொடுப்பது குடியிருப்பவரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் முன்னால் நிற்கும். அதனால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருதரம் படியுங்கள். "சிறு திருத்தங்கள் குடியிருப்பவர் பொறுப்பு" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். பல்ப், குழாய் வாஷர், பூட்டு என்பவை சிறு திருத்தம். சுவரையும் நிலையையும் கூரை மரத்தையும் தின்னும் கறையானை அந்த வரிக்குள் அடக்க முடியாது. அதை அமைதியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கம், மாத வாடகை 30,000 ரூபாய். ஓர் ஆசிரியை குடும்பத்தோடு ஜனவரியில் குடிவந்தார், ஜூனில் பின் அறை நிலையில் கறையான் தெரிந்தது. வீட்டுக்காரர் வந்தார், விறகைப் பார்த்தார். "டீச்சர், இந்த விறகை இங்க அடுக்கினதாலதானே வந்திருக்கு" என்றார். டீச்சர் வாதாடவில்லை. "வாங்க ஐயா, பின்னால போய்ப் பார்ப்போம்" என்று கூட்டிப்போனார். விறகு இருந்தது பக்கச் சுவரில், அதன் அடி காய்ந்து கிடந்தது. மண்கோடு ஏறியிருந்தது பின்சுவரில், கான் மூடி மண் ஒரு முழ உயரத்துக்குச் சுவரில் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் உட்புறத்தில். நிலையின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டியபோது பழைய பட்டி உதிர்ந்தது. முந்தி ஒருமுறை வந்து அடைத்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

மருந்தடிப்பதற்கு 42,000, நிலையின் அடிக்கட்டையை மாற்றத் தச்சு பாஸுக்கு மரத்தோடு 18,000 என்று விலை வந்தது என்று வைப்போம். (உதாரணத் தொகைதான், உங்கள் வீட்டுக்கு வீட்டின் சுற்றளவைப் பொறுத்து மாறும்.) இந்த வீட்டில் நியாயமான பங்கீடு இது: மருந்தும் நிலையும் கானைத் தோண்டி மண்ணை எடுப்பதும் வீட்டுக்காரர். டீச்சரின் சொந்தப் புத்தக அலமாரியின் அடிப்பலகை போனது டீச்சர். விறகைச் சுவரிலிருந்து தள்ளி இரும்புச் சட்டத்தின் மேல் அடுக்குவதும் டீச்சர். விறகின் அடியிலும் மண் ஏறியிருந்து, அந்தப் பக்கத்துச் சுவரிலும் கோடு இருந்திருந்தால், அந்தப் பக்கத்து மருந்துச் செலவில் ஒரு பங்கை அவர் ஏற்பதுதான் சரி. முழுக்க மறுத்தால் பேச்சு அங்கேயே முறியும்.

வீட்டுக்காரர் "நியாயம்தான், ஆனா இப்ப கையில காசு இல்ல" என்றால்? இது அடிக்கடி வரும், பொய்யும் அல்ல. முடிந்தால் மருந்துச் செலவை நீங்கள் முன்னால் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 42,000 ரூபாயை மாதம் 7,000 வீதம் கழித்தால் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் 23,000 வாடகை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை அட்வான்ஸோடு கலக்கவே கூடாது. "போகும்போது அட்வான்ஸோட சேர்த்துத் தாரேன்" என்ற பேச்சு இரண்டு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

விலை கேட்கும்போது

இரண்டு இடத்திலாவது விலை வாங்குங்கள், வீடு பார்க்காமல் போனில் சொல்லும் விலையை நம்பாதீர்கள். என்ன முறை என்று கேளுங்கள். கட்டிய வீட்டுக்குச் சரியான முறை, தரையும் சுவரும் சேரும் இடத்தில் சுமார் ஓரடிக்கு ஒன்றாக அரை அங்குலத் துளை போட்டு, மருந்தை மண்ணுக்குள் இறக்கி, துளையைச் சீமெந்தால் அடைப்பது. மேலோட்டமாகத் தெளித்துவிட்டுப் போவது மண்ணெண்ணெய் ஊற்றுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மருந்தின் பெயரையும் அது பதிவு செய்யப்பட்டதா என்பதையும் விலைமனுவில் எழுதச் சொல்லுங்கள். இலங்கையில் பூச்சிநாசினிகளை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது பேராதனை கெட்டம்பேயில் உள்ள பூச்சிநாசினிப் பதிவாளர் அலுவலகம். தோட்டத்துக்கோ மரக்கறிக்கோ அடிக்கும் மருந்தை ஒருவர் போத்தலில் கொண்டுவந்து வீட்டுக்குள் அடிக்க விடவே விடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருந்தால்.

மலையகத்தில் மட்டும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று தண்ணீர். உங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் ஊற்றோ பீலியோ கிணறோ இருந்தால், அதில் குடிக்கிற குடும்பங்கள் இருந்தால், துளை போட வருபவரிடம் முதலிலேயே காட்டுங்கள். மண்ணுக்குள் இறக்கிய மருந்து எங்கே போகும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும், அந்தப் பக்கம் மருந்து வேண்டாம் என்று முடிவானால் அதை ஏற்க வேண்டும். இரண்டாவது மழை. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஊறிப்போன மண்ணில் வெளிப்புறம் மருந்து இறக்கினால் நிற்காது, கழுவிக்கொண்டு போகும். ஆகவே வீட்டுக்காரர் "மழை விடட்டும்" என்று சொன்னால் சாக்கு என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உள்பக்கத் துளைகளையும் கானைத் துப்புரவு செய்வதையும் இப்போதே செய்யலாம். வெளிப்பக்கம் எந்த மாதம் என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கரப்பான் என்றால்

எந்தக் கரப்பான் என்று பார்த்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். விரல் நீளத்துக்குக் கிட்ட வரும் செம்பழுப்புப் பெரிய கரப்பான் கானிலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் வருவது. மூடி உடைந்த குழி, வலை இல்லாத வடிகுழாய், சுவரில் அடைக்காத குழாய் ஓட்டை என்றால் திருத்துவது வீட்டுக்காரர். அரை அங்குலம் மட்டும் இருக்கும், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு உள்ள வெளிர்பழுப்புச் சின்னக் கரப்பான் வீட்டுக்குள்ளேயே பெருகுவது, பெட்டியிலும் பழைய பிரிட்ஜிலும் ஒளிந்து வருவது. குளிரூரில் அது சூட்டைத் தேடி பிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னாலும் கேஸ் அடுப்புக்கு அடியிலும்தான் கூடும். குடிவந்த முதல் கிழமையிலேயே சமையலறை அலமாரி மூட்டுகளில் வெற்று முட்டைக்கூடுகளும் காய்ந்த கறைகளும் நிறைந்திருந்தால் முந்தியிருந்தவர் விட்டுப்போனது, வீட்டுக்காரர் செலவு. ஒரு வருடம் ஒன்றுமில்லாமல் இருந்து, நீங்கள் பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கி வைத்த பிறகு வந்தால் உங்கள் செலவு.

அந்தச் சின்னக் கரப்பானுக்கு ஸ்பிரே வேண்டாம், சிதறி அடுத்த அறைக்குப் போகும். மூட்டுகளில் சிறு சிறு பொட்டாக வைக்கும் ஜெல் இரைமருந்துதான் வேலை செய்யும், அதன் மேல் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்த ஜெல்லைத் தொடாது. ஒரே கூரையின் கீழ் நான்கு அனெக்ஸ் இருந்தால் ஒரு வீட்டுக்கு மட்டும் செய்வது வீண் செலவு. நால்வரும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் பேசி ஒரே நாளில் வைக்க வேண்டும். கீழே பேக்கரியோ சாப்பாட்டுக் கடையோ இருந்து அங்கிருந்து ஏறுகிறது என்றால், பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

பதிலே வராவிட்டால்

வாடகையை நிறுத்தாதீர்கள். வாடகை நிலுவை வந்த நாளிலிருந்து பேச்சு கறையானைவிட்டு உங்கள் மீது திரும்பிவிடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். வீட்டில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பிக் கடுமையாக நிற்பது அதனால் அவ்வளவு பாதுகாப்பல்ல. இரண்டு கிழமை பார்த்துவிட்டு, முதலில் சொன்ன திகதி, அனுப்பிய படங்கள், வாங்கிய விலை எல்லாவற்றையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. சட்டத்தரணி இல்லாமலே இருவரும் உட்கார்ந்து பேசலாம். அங்கே நீங்கள் காட்டப்போவது அந்த வட்ஸ்அப் செய்தியும், நாணயம் வைத்து எடுத்த படமும், பதிவுத் தபால் சீட்டும்தான்.

மருந்தடித்த பிறகு

பில் யார் பெயரில் இருந்தாலும் அதன் படம் இருவரிடமும் இருக்கட்டும். உத்தரவாதம் எத்தனை வருடம், திரும்பி வந்தால் இலவசமாகச் செய்வார்களா, யார் அழைக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். துளையிட்ட இடங்களையும் பழைய மண்கோடுகளையும் படம் எடுத்து, அப்புறம் கோடுகளை முழுக்கச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். இனிமேல் அங்கே எது தெரிந்தாலும் புதியது. கறையான் ஒரே நாளில் போகாது, சில கிழமை கழித்துத்தான் அடங்கும். மாதம் ஒருமுறை அதே நிலையைத் தட்டிப் பாருங்கள். மூன்றாவது மாதமும் ஈரமண் தெரிந்தால், உத்தரவாதத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, அன்றே வீட்டுக்காரருக்கும் படத்தை அனுப்பிவிடுங்கள்.